தெப்பக்குளம் 48: தினசரிப் பதிவு முறையும் குழுச் செய்திகளும்

📌 எல்லோரும் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்

வணக்கம். ஜூன் 2 திங்கள் தொடங்கி ஜூலை 19 சனி வரை, ஒரு மண்டலம், 48 நாள். தினமும் 30 நிமிட நடை. வேறு எதுவும் இல்லை. மொத்தம் 23 பேர். பாதிப் பேர் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுவோம், மற்றவர்கள் மொட்டை மாடியோ தெருவோ அவரவர் வசதி.

காலை 5.15க்கு நான் அன்றைய நாள் எண்ணைப் போடுவேன். அதற்குப் பதில் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம். எழுந்து செருப்பை மாட்டினால் போதும். இரவு 9 மணிக்குள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: எத்தனை நிமிடம், உடம்பு எப்படி. இப்படி:

35, நன்று
20, முழங்கால் பிடிக்கிறது
0, வீட்டில் விருந்தாளி

கடைசி வரியைக் கவனியுங்கள். 0 என்று எழுதினாலும் அன்றைய பதிவு போட்டதாகவே கணக்கு. இந்தக் குழுவின் ஒரே கண்டிப்பு அதுதான். நடக்காமல் போகலாம், எழுதாமல் போகக் கூடாது.

ஏன் என்றால், போன வருடம் நான் வேறொரு குழுவில் இருந்தேன். தினமும் ராத்திரி அடிக்கணக்குப் படம் போட வேண்டும். ஒருவர் 14,000, ஒருவர் 16,000 என்று போடுவார்கள். என்னுடையது 3,200. இரண்டு நாள் போட்டேன், மூன்றாம் நாள் கை வரவில்லை. பதினோராம் நாள் குழுவில் நான்கு பேர்தான் மிச்சம். நடையை விட்டதற்குக் காரணம் கால் அல்ல, வெட்கம். அதனால் இங்கே அடிக்கணக்குப் படம் கிடையாது. அந்தப் பத்தாயிரம் அடியே 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளவியின் பெயரிலிருந்து பரவிய கணக்கு. மருத்துவர் யாரும் எழுதிக் கொடுத்த சீட்டு இல்லை.

இரவு 9.15க்கு அன்றைய முறைக்காரர் 'நாள் 6, எழுதியவர்கள் 21' என்று மட்டும் போடுவார். யார் எழுதவில்லை என்று பெயர் போடக் கூடாது. "ஆளையே காணோமே" என்று குழுவில் கேட்கவும் கூடாது. எல்லோருக்கும் ஒரு சோடி உண்டு, இரண்டு நாள் எழுதாதவருக்கு அவர் சோடி தனியாக ஃபோன் போடுவார்.

வேகம்? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். சுற்றை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

அப்புறம், பூப்படத்தோடு காலை வணக்கம், கட்சிச் செய்தி, நிலம் விற்பனை எதுவும் இங்கே வேண்டாம். முருகேசன் சார், உங்களைத்தான்.

---

நாள் 1, ஜூன் 2, காலை 5.15

நாள் 1. திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளத்தை இன்று நாம் சுற்றப் போகிறோம். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் கால் மணி நேரம், இரண்டு சுற்றில் கணக்கு முடிந்தது. முதல் நாள் உற்சாகத்தில் யாரும் ஐந்து சுற்றுப் போகாதீர்கள். நாளைக்கும் கால் வேண்டும்.

நாள் 3, ஜூன் 4

கெண்டைக்கால் வலி என்று ஒன்பது பேர் எழுதியிருக்கிறீர்கள். பழக்கமில்லாத தசைக்கு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலி உச்சத்தில் இருக்கும், பிறகு தானாக இறங்கும். இன்று மெதுவாக 15 நிமிடம் போதும். மூட்டில் குத்தினாலோ வீங்கினாலோ மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நாள் 14, ஜூன் 15, ஞாயிறு

தீபா வீட்டுக் காதுகுத்து. நம்மில் எட்டுப் பேர் பந்தியில் இருப்போம். கறிச்சோற்றை மனசாரச் சாப்பிடுங்கள், யாரும் இலையைப் பார்த்துக் கணக்குச் சொல்ல வேண்டாம். சாப்பிட்டபின் நாற்காலியில் சாயாமல் மண்டபத்தைச் சுற்றிப் பத்து நிமிடம் மெல்ல நடப்போம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரைக்கு அது நல்லது. வெற்றிலை போட்டுக்கொண்டும் நடக்கலாம்.

நாள் 17, ஜூன் 18, இரவு 9.30

நேற்று எழுதியவர்கள் 15. இன்று 13. நடந்தவர்கள் குறைந்தால் எனக்குக் கவலை இல்லை, எழுதியவர்கள் குறைந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு நாள் விட்டவர்களுக்கு மனதில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். "இனிமேல் போய் என்னத்தை எழுத, மண்டலக் கணக்கே உடைந்துவிட்டதே." உடையவில்லை. இது விரதம் இல்லை, தீட்டு என்று எதுவும் இல்லை. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் ஒருமுறை 96 பேரை வைத்துப் பார்த்தார்கள், ஒரு பழக்கம் தானாக நடக்க எத்தனை நாள் பிடிக்கிறது என்று. நடுவாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை விரிந்தது. இடையில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் கண்டார்கள். அப்படியானால் நம்முடைய 48இலும் மந்திரம் ஒன்றும் இல்லை, நமக்குப் பழகிய எண் என்பதால் வைத்தது.

என் கணக்கையும் சொல்கிறேன். திங்கள் 0, செவ்வாய் 0, இன்று 10. வங்கியில் தணிக்கை, வீட்டுக்கு வர எட்டரை. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். கழற்றியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

இன்னும் எழுதாத பத்துப் பேரும் ஒரு சுழியம் போட்டுவிட்டுப் படுங்கள். காரணம் வேண்டாம்.

நாள் 20, ஜூன் 21 (பாண்டி அண்ணனுக்கு அவர் சோடி தனியாக அனுப்பியது)

அண்ணே, நல்லா இருக்கீங்களா? குழுவுக்காகக் கேட்கவில்லை. கடையில் சரக்கு இறங்கும் வாரம் என்று அண்ணி சொன்னார்கள். நாளைக்குக் காலையில் நான் உங்கள் கடைப் பக்கம் வருகிறேன், ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம். முடியாது என்றால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

நாள் 31, ஜூலை 2

நேற்று எழுதியவர்கள் 22. அதில் செல்வி அக்காவின் வரியை எல்லோரும் பார்த்தீர்களா? "12, கரண்ட் இல்லை, மாவு அரைக்க முடியவில்லை, அந்த நேரத்தில் மாடிப்படி ஏறி இறங்கினேன்." நல்லது, உடம்பு எப்படி என்று எழுத மறந்துவிட்டீர்கள் அக்கா. பாண்டி அண்ணன் மூன்றாவது நாளாக 30. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வருகிறார், அதுவும் சரக்கு விலையைப் பற்றியே பேசுகிறார், அதைத் தாங்குவதுதான் மற்றவர்களின் பயிற்சி.

நாள் 47, ஜூலை 18, இரவு 9.15

நாள் 47, எழுதியவர்கள் 23. நாளைக் காலை 5.30, மாரியம்மன் கோயில் பக்கம் கூடுவோம். வெளியூரில் இருப்பவர்கள் அங்கேயே அதே நேரத்தில் தொடங்குங்கள். செல்வி அக்கா சுண்டல் கொண்டு வருகிறார், டம்ளர் மட்டும் அவரவர் எடுத்து வாருங்கள். ஞாயிறு காலை 5.15க்கு 'நாள் 49' என்று போடுவேன். வேண்டாம் என்பவர்கள் சுண்டல் சாப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்.