ஏரல் பஜாரிலிருந்து சித்திரை வாழ்த்து

வணக்கம். தம்பி, பதிவாகிறதா? கொஞ்சம் தள்ளி நின்று பிடி, பின்னால் தட்டும் தெரிய வேண்டும். சரி, போதும்.

எல்லோருக்கும் வணக்கம். உங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி பேசுகிறேன். இன்று 2024 ஏப்ரல் 14, சித்திரை ஒன்று, குரோதி ஆண்டு பிறந்திருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். போன் இல்லாத ஆச்சிமார்களுக்குப் பேரப்பிள்ளைகள் இதைப் போட்டுக் காட்டுங்கள். பாய்மார்களே, வியாழக்கிழமைதான் பெருநாள் கொண்டாடினீர்கள். முந்தின இரவு கடையில் இருந்த கூட்டத்தில் ஒருவரிடமும் நின்று வாழ்த்துச் சொல்ல முடியவில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மற்ற வருடங்களில் ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவேன், அதோடு சரி. இந்த வருடம் படம் அனுப்பினால் என் மனம் ஆறாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

தம்பி, அந்தச் சுவரைக் காட்டு. அங்கே இல்லை, கல்லாவுக்கு மேலே. ஆமாம், அந்தக் கோடு. போன டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் வானம் பிளந்து ஊற்றியதே, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று சொன்னார்களே, அப்போது தாமிரபரணி ஏறி நின்ற இடம் அது. மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அந்த ஒரு பட்டையை மட்டும் நான்தான் விடச் சொன்னேன்.

தண்ணீர் வடிந்து கடையைத் திறந்தபோது சீனி மூட்டை இருந்த இடத்தில் வெறும் சாக்குதான் கிடந்தது. உப்பும் போய்விட்டது. உடன்குடியிலிருந்து வந்திருந்த கருப்பட்டி அத்தனையும் கரைந்து, கொட்டான்கள் மட்டும் சேற்றில் மிதந்தன. அரிசி ஊறி உப்பித் தையல் பிரிந்திருந்தது. அந்த வாடை எத்தனை முறை கழுவியும் பொங்கல் வரைக்கும் போகவில்லை. இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

ஆனால் ஒன்று மட்டும் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சாமான் போனதைவிட என்னை உடைத்தது பற்று நோட்டுதான். அப்பா காலத்திலிருந்து பற்றுக் கணக்கை மைப்பேனாவில் எழுதுவதுதான் வழக்கம். கல்லாப் பெட்டியிலிருந்து எடுத்தபோது நோட்டு கனத்துக் கிடந்தது. ஒரு பக்கத்தைப் பிரித்தால் மூன்று பக்கம் சேர்ந்து வந்தது. உங்கள் பெயர்கள் இருந்த இடமெல்லாம் நீலமாகப் பரவியிருந்தது, ஒரு எண்கூடத் தெரியவில்லை. யார் எவ்வளவு தரவேண்டும் என்று எனக்கும் நினைவில்லை. கேட்கவும் மனம் வராது. வீடு இழந்து நிற்கிறவர்களிடம் போய் எண்ணெய்க் காசைக் கேட்க முடியுமா? போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

நீங்கள் போகவிடவில்லை.

முதலில் வந்தவர் உமரிக்காட்டு ஆச்சி. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், சொல்லவில்லை. நான் சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே விரலை மடக்கிச் சொன்னார்கள்: "நல்லெண்ணெய் அரை லிட்டர், உளுந்து ஒரு கிலோ, கார்த்திகைக்கு வாங்கிய வெல்லம், பிறகு பேத்திக்கு ஒரு சோப்பு. கூட்டிச் சொல்லுங்கள் அண்ணாச்சி." நோட்டே இல்லை ஆச்சி, விடுங்கள் என்றேன். "நோட்டு உங்களுடையது, கடன் என்னுடையது" என்று சொல்லிவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். ரூபாய் நோட்டெல்லாம் ஈரம். அவர்கள் வீட்டுச் சுவரே ஒரு பக்கம் விழுந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தீர்கள். பாலத்துச் சாலை அறுந்து கிடந்த நாளிலும் அக்கரையிலிருந்து போன் செய்து உங்கள் கணக்கைச் சொன்னீர்கள். வாழை மொத்தமும் சாய்ந்துபோன ஒரு தம்பி வந்தான். கையில் பைசா இல்லை. "பணம் அடுத்த தார் வெட்டின பிறகுதான் தரமுடியும் அண்ணாச்சி, ஆனால் தொகையை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும்" என்றான். கொடுக்க முடியாதவன், கடன் காணாமல் போய்விடக்கூடாது என்று தேடி வந்து எழுத வைத்துவிட்டுப் போகிறான். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வது?

தூத்துக்குடியில் எனக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியிடம் இதைச் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட வாடிக்கை இருக்கிற கடைக்கு நான் தைரியமாகக் கடன் தருவேன் என்று ஒரு லாரி சரக்கை அனுப்பிவிட்டார். ஆகவே இந்தத் தட்டில் நீங்கள் பார்க்கிற சாமானெல்லாம் உங்கள் நாணயத்தில் வந்தவை.

(வாசலைப் பார்த்து) வா மகளே. வேப்பம்பூவா? ஐந்து ரூபாய்க்குப் போதும், பச்சடிக்கு ஒரு பிடிதானே. வெல்லம் வீட்டில் இருக்கிறதா என்று அம்மா சொன்னார்களா? இருக்கிறதா, சரி. இந்தா கடலை மிட்டாய், கோவில்பட்டியிலிருந்து வந்தது. தம்பிக்கும் ஒன்று எடுத்துக்கொள். பார்த்துப் போ, மோட்டார் சைக்கிள் வருகிறது.

எங்கே விட்டேன்? ஆமாம். ஜனவரியில் கடையில் பாதித் தட்டு காலி. கேட்டதில் பாதி இல்லை என்றுதான் சொல்வேன். அப்போதும் இல்லாததை வேறிடத்தில் வாங்கிக்கொண்டு, இருக்கிறதை வாங்க இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள். தீப்பெட்டியும் கல் உப்பும் வாங்க வந்தவர்கள் உண்டு. அவர்கள் முகமெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. லீவில் வந்து கடையைக் கழுவிக் கொடுத்த பையன்களுக்கும் நன்றி. தேர்வு முடிந்துவிட்டதல்லவா, ஒருநாள் வாருங்கள்.

இதோ, இன்றைக்குப் புதுக்கணக்கு. கிட்டக் காட்டு தம்பி. நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, விடியற்காலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தேன். முதல் வரி உமரிக்காட்டு ஆச்சி பெயரில் இருக்கிறது. பற்று இல்லை, வரவு. அவர்கள் கொடுத்த அந்தத் தொகையை அப்படியே வரவு வைத்திருக்கிறேன். ஆச்சி, இதைப் பார்த்தால் திட்டாதீர்கள், வந்து சாமானாக எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டில் எழுதுவது இப்போது பால்பாயின்ட் பேனாவில்தான். மகள் ஒவ்வொரு வாரமும் பக்கங்களைப் போனில் படம் எடுத்துவைக்கிறாள்.

இன்னும் இரண்டு விஷயம். இன்று இரவு ஒன்பது மணி வரை கடை உண்டு. வருகிற 19-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடும் நாள். வீட்டோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு பதினொரு மணிக்கு மேல்தான் திறப்பேன். காலையில் பால், காபித்தூள் தேவைப்படுகிறவர்கள் வியாழக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில், வளைகுடாவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் வாழ்த்து. அம்மா அப்பாவுக்கு என்ன வேண்டுமென்றாலும் எனக்கு ஒரு செய்தி போடுங்கள், வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

எல்லோரும் நன்றாக இருங்கள். இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள். போதும் தம்பி, நிறுத்து, எண்ணெய் வாங்க ஆள் நிற்கிறது.