பொது அறை டி.வி. பற்றிய அறிவிப்பு

பெண்கள் விடுதி, ஏற்காடு
விடுதியில் தங்கியிருக்கும் அனைவருக்கும்

இந்த ஊரில் ஏழு மணிக்குப் பனி இறங்கிவிட்டால் வெளியே போக இடமில்லை. வேலை முடிந்து வரும் எல்லோருக்கும் இருப்பது இந்த ஒரு டி.வி.தான். அதற்காகப் போன வாரம் இரண்டு அறைகளுக்குள் பேச்சு நின்றுபோனது. அதைவிட என்னை வருத்தியது வேறு. புதிதாக வந்த ஒருவர் ஒரு மாதமாகத் தினமும் வந்து உட்கார்ந்தும், ஒருமுறைகூட தனக்கு வேண்டிய சேனலைக் கேட்கவில்லை. "பழைய அக்காங்க பாக்கறாங்க, நான் எப்படிக் கேக்கறது" என்றார். இனி யாரும் கேட்க வேண்டியிருக்கக் கூடாது.

ஆகவே, வரும் ஞாயிறு முதல் அறைவாரியாக முறை வைக்கிறோம். மாலை 6 முதல் 7, இரவு 7.30 முதல் 8.30, 8.30 முதல் 9.30 என ஒரு நாளைக்கு மூன்று முறை. ஒன்பது அறைகள் இருப்பதால் மூன்று நாளைக்கு ஒருமுறை உங்கள் முறை வரும். ஒரே அறைக்கு எப்போதும் ஆறு மணியே விழாதபடி வாரந்தோறும் நேரம் மாறும். பட்டியல் கரும்பலகையில் இருக்கும். 7 முதல் 7.30 வரை செய்தி. தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் நாளுக்கு ஒன்றாக மாறி மாறி வரும்.

ரிமோட் டி.வி.க்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்க வேண்டும். தலையணைக்கு அடியிலோ அறைக்கோ போகக் கூடாது. முறைக்காரர் மட்டும் எடுக்கலாம். விளம்பர இடைவேளையில் வேறு சேனல் பார்க்க ஆசைப்படுபவர் அவரிடம் கேட்டுவிட்டு மாற்றட்டும். பேட்டரி தீர்ந்தால் என்னிடம் சொல்லுங்கள். ரிமோட்டைத் தட்டித் தட்டித்தான் பழையது உடைந்தது.

கிரிக்கெட் பற்றித்தான் அதிகம் சண்டை. இந்தியா ஆடும் ஆட்டத்துக்கு முன்னுரிமை உண்டு. சீரியலை மறுநாள் போனில் பார்த்துக்கொள்ளலாம், ஆட்டத்தை அந்த நேரத்தில் பார்த்தால்தான் உண்டு. ஆனால் அதற்காக முறையை விட்டுக்கொடுத்த அறைக்கு அடுத்த இரண்டு நாள் சேர்த்துக் கிடைக்கும். ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவரவர் முறையில் பார்க்கலாம், அல்லது பேசி மாற்றிக்கொள்ளலாம்.

மழையில் டிஷ் சிக்னல் போனாலோ கரண்ட் போனாலோ அந்த முறை வீணாகாது. மறுநாள் முதல் முறை அவர்களுக்கே.

பொது அறையை ஒட்டிய 4ஆம் அறையில் நர்ஸ் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை ஐந்தரைக்கு எழுந்து டூட்டிக்குப் போகிறவர்கள். 9 மணிக்குப் பிறகு சத்தம் 12க்கு மேல் போகக் கூடாது. நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்குபவர்கள் இருந்தால் கதவில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள், பகலிலும் அதே அளவுதான். இரவு பத்துக்கு டி.வி. அணையும். இந்தியா ஆட்டம் இருந்தால் மட்டும் அது முடியும்வரை.

பட்டியலில் மாற்றம் வேண்டுபவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் என்னிடம் நேரில் சொல்லுங்கள். முறை தவறியவரிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன்.

விடுதிக் காப்பாளர்