வெள்ளிக்கிழமை பிரிவு உபசாரம்: நான் வரவில்லை

கவிதா மேடம், வணக்கம்.

சேகர் சாரின் பிரிவு உபசாரத்துக்கு என்னையும் மறக்காமல் கூப்பிட்டதற்கு நன்றி. வெள்ளிக்கிழமை மாலை நான் வரவில்லை. கடைசி வரை "பார்க்கலாம்" என்று இழுத்தடித்தால் உங்களுக்குத்தான் ஆள் கணக்கு குழம்பும். அதனால் இன்றே சொல்லிவிடுகிறேன்.

அவசர வேலை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. எனக்கும் சாருக்கும் பழக்கமே கிடையாது என்பதுதான் விஷயம். அவர் மேல் மாடியில் கொள்முதல் பிரிவு, நான் கீழே கணக்கு. பில் சம்பந்தமாகப் போனில் பேசியிருப்போம், லிஃப்டில் எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வோம். என் முகமும் பெயரும் ஒரே ஆளுடையவை என்று அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஒருமுறை மெயிலில் என்னை 'சார்' என்று எழுதியிருந்தார். நானும் திருத்தவில்லை!

வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். அங்கேதான் இடிக்கிறது. வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் அவரோடு ராத்திரி வரை உட்கார்ந்து அவதிப்பட்டவர்கள் பேசட்டும், கேட்க அவருக்கும் நன்றாக இருக்கும். நடுவில் நான் எழுந்து "நல்ல மனிதர், அமைதியானவர்" என்றால், யாரைப் பற்றி வேண்டுமானாலும் சொல்லக்கூடிய பேச்சு அது. எனக்கு மட்டுமல்ல, அவருக்கும் சங்கடம்.

இன்னொன்று. எங்கள் பிரிவில் மணியும் ரேகாவும் அவரிடம் வேலை பழகியவர்கள். மாதக் கடைசி என்பதால் ஒருவராவது சீட்டில் இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார், யார் இருப்பது என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஆகவே எங்கள் பிரிவிலிருந்து அந்த இருவரும் நிச்சயம் வருவார்கள்.

பரிசுக்கு என் பங்கை ரேகாவிடம் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாழ்த்து அட்டை எங்கள் பக்கம் வரும்போது கையெழுத்தும் போடுகிறேன். பழைய ஒப்பந்தக் கோப்பு ஒன்று கிடைக்காமல் நான் தவித்தபோது, அது அவருடைய வேலையே இல்லை என்றாலும், தேடி எடுத்துக் கீழே கொடுத்தனுப்பினார். அதற்கு நேரில் நன்றி சொன்னதில்லை. வியாழக்கிழமை மதியம் அவர் சீட்டில் இருப்பாரா? இருந்தால் மேலே வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன். அப்போது நான் 'சார்' இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

பேசுகிறவர்கள் பட்டியலிலிருந்து மட்டும் என் பெயரை எடுத்துவிடுங்கள், ப்ளீஸ்.

அன்புடன்,
சாந்தி
கணக்குப் பிரிவு