வெள்ளக் கட்டுரை: சனிக்கிழமை அவளிடம் கேட்க

(பதினோராம் வகுப்பு மாணவி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நாலு பக்கம். சிறப்பு வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து பேச. கட்டுரை அவள் கையில் இருக்கட்டும், மதிப்பெண்ணைக் கடைசியில் சொல்லலாம்.)

எத்தனையோ தலைப்பு கொடுத்தேன், இதை ஏம்மா எடுத்தே? அப்போ உனக்கு ஆறு வயசுதானே, உனக்கே ஞாபகம் இருக்கிறது எது, வீட்ல சொல்லிக் கேட்டது எது?

முதல் பக்கம் முழுக்கச் சென்னையோட பெருமை. அதை எடுத்துட்டா கட்டுரைக்கு என்ன குறையும்?

"சென்னையில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை"ன்னு எழுதியிருக்கே. எங்கே பார்த்தே? அது தாம்பரத்துல அளந்த மழை. நுங்கம்பாக்கத்துல 29தான். ரெண்டு எண்ணையும் ஊர் பேரோட போட்டா, படிக்கிறவங்களுக்கு என்ன கூடுதலாப் புரியும்?

"மனிதர் உண்டாக்கிய பேரிடர்" உன் வார்த்தையா? 2018ல சட்டமன்றத்துல வெச்ச தணிக்கை அறிக்கை இதையேதான் சொல்லுச்சு. அறிக்கையைப் படிச்சியா, அதைப் பத்தின செய்தியைப் படிச்சியா? (எதுவானாலும் தப்பில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயந்தால் வாயே திறக்க மாட்டாள்.) அதை மறுத்து அதிகாரிகள் தரப்பு என்ன சொல்லுச்சுன்னு தேடினியா?

இப்போ மூணாம் பக்கம். இதுக்கு நிறைய நேரம் வேணும். "செம்பரம்பாக்கம் ஏரி உடைந்து வெள்ளம் வந்தது." ஏரி உடைஞ்சுதா? அன்னைக்கு அப்படி ஒரு புரளி ஓடுச்சு, ஜனங்க நடுங்கிப் போனாங்க. ஆனா கரை உடையலை, உபரி நீரைத் திறந்து விட்டாங்க. "உடைந்தது", "திறந்தது", "திறக்கப்பட்டது", "திறந்தார்கள்" நாலையும் சத்தமாப் படி. எதுல ஆள் தெரியுறாங்க, எதுல காணாமப் போறாங்க? நீ யாரைக் காட்டணும்னு நினைக்கிறே? (அவள் சொல்லும்வரை நான் சொல்லக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும்.)

"வரலாறு காணாத", "சொல்லொணாத் துயரம்" எல்லாம் எங்கேருந்து வந்துச்சு? பாட்டி இப்படிப் பேசுவாங்களா?

பாட்டி தையல் மிஷினைப் பரண்ல ஏத்த முடியாம, அதோட தலையை மட்டும் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தாங்கன்னு ஒரே வரி எழுதியிருக்கே. எனக்கு அந்த வரியிலதான் கண் நின்னுச்சு. அதை ஏன் கடைசிப் பக்கத்துல, அடைப்புக்குறிக்குள்ள வெச்சே? பாட்டி சொன்னதை எழுதப் போறேன்னு அவங்ககிட்ட கேட்டியா? அவங்க சொன்ன வார்த்தை என்ன, அப்படியே சொல்லு. அதை எப்படித் திருத்தி எழுதினே, ஏன்?

திரும்ப எழுதினா எந்த வரியில ஆரம்பிப்பே?