கடைமடையிலிருந்து ஒரு வேண்டுதல்

(தை மழையில் சம்பாவைப் பறிகொடுத்த வீட்டில், விளக்கு வைத்த பிறகு சொல்ல)

காத்தாயி அம்மா,
எல்லையில் இருக்கிறவளே,
அடப்பாற்றில் தண்ணீர் வருவதையும் வராமல் போவதையும்
எங்களுக்கு முன்னால் பார்க்கிறவளே,
இன்றைக்கு வெறுங்கையோடு வந்திருக்கிறேன்.
வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும்
புது நெல்லைக் குத்திப் பொங்கல் வைத்துத்தான்
உன் முன்னால் நிற்பேன்.
இந்த வருஷம் கற்பூரம் மட்டும்தான்.
அது அணைவதற்குள் முடிகிற பேச்சும் இல்லை.
பொறுத்துக் கேள்.

நடந்தது உனக்குத் தெரியும்.
இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும்,
சொல்லாவிட்டால் நெஞ்சை அடைக்கிறது.

சொந்த நிலம் மூன்று மா, குத்தகை ஆறு மா.
ஜூன் 12 மேட்டூர் திறந்து
பூத்தூவியதை டிவியில் பார்த்தோம்.
அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வர
ஆடி கழிந்துவிட்டது.
கடைமடைக்காரனுக்கு அது புதிதில்லை.
முறை வைத்து விட்ட தண்ணீருக்கு
மண்வெட்டியும் டார்ச்சுமாக
ராத்திரி மடையில் காத்துக் கிடந்துதான்
நாற்றங்காலை நனைத்தோம்.
போட்டது சி.ஆர். 1009 சப்-1,
ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கிற நெல்.
ஐப்பசி வெள்ளத்தில் பயிர் மூழ்கியது.
ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்தும்
அழுகாமல் நிமிர்ந்தது.
அன்றைக்கே உன்னிடம் வந்து நன்றி சொன்னேன்,
ஞாபகம் இருக்கும்.
மறுபடி யூரியா வாங்கினோம், பொட்டாஷ் வாங்கினோம்,
அதுவும் கடனுக்குத்தான்.
கார்த்திகையில் தூர் கட்டியது.
மார்கழிப் பனியில் கதிர் வந்தது.
தை பாதியில் வரப்பில் நின்று பார்த்தால்
கண்ணுக்கெட்டிய வரை பழுப்பு.
இன்னும் பத்து நாளில் அறுக்கலாம் என்று
வண்டிக்குச் சொல்லி வைத்தேன்.

அந்தப் பத்து நாளுக்குள் மழை கொட்டியது, அம்மா.

நீ பெய்யச் சொன்னாயா,
உன்னையும் மீறிப் பெய்ததா,
எனக்குத் தெரியாது.
கேட்காமலும் இருக்க முடியவில்லை.
தண்ணீர் தண்ணீர் என்று ஆடியில் கெஞ்சியபோது
வராத மேகம்
தையில் யாரைக் கேட்டு வந்தது?
கோபத்தில் கேட்கிறேன் என்று நினைத்தால்
நினைத்துக்கொள்.
பெற்றவளிடம் கோபப்படாமல்
நான் வேறு யாரிடம் போய்க் கோபப்படுவேன்?

கதிர் படுத்துவிட்டது.
வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது,
தண்ணீர் இறங்கவே இல்லை.
சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்தது.
அள்ளிப் பார்த்தேன்,
ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக ஒரு முளை.
விதைக்கும்போது பார்த்தால் சிரிப்பு வருகிற முளை அது.
சேற்றில் டயர் வண்டி இறங்காது என்றார்கள்.
செயின் வண்டிக்கு மணிக்கணக்கில் கொடுத்த வாடகைக்கு
அறுத்த நெல் ஈடாகவில்லை.
இருந்தும் அறுத்தோம்.
கிடக்கட்டும் என்று போட்டுவிட்டு வர
எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.
ரோட்டில் கொட்டிக் காய வைத்தோம்,
தார்ப்பாய் போட்டு மூடினோம், எடுத்தோம், மூடினோம்.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17-க்கு மேல் போனால்
எடுக்க முடியாது என்றார்கள்.
எங்கள் நெல் 17-க்கு இறங்குவதற்குள்
கறுத்துவிட்டது.
வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

இனி கணக்கு. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.
கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 36,000.
பேங்கில் நாலு பவுன் சங்கிலியின் பேரில் 1,50,000,
அதில் பாதி, மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டியது.
வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஒரு லட்சம்,
மாதம் பிறந்தால் 3,000 எடுத்து வைக்க வேண்டும்.
உரக்கடையில் பாக்கி 22,000.
ஆக மொத்தம் 3,08,000.
குத்தகை நெல்லை இதில் சேர்க்கவில்லை.

இந்தக் கடனை இல்லையென்று ஆக்கு என்று
கேட்க வரவில்லை, தாயே.
வாங்கியது நான். கொடுக்க வேண்டியதும் நான்தான்.
கொடுப்பதற்கு எனக்கு நாள் வேண்டும்.
அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.
பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை,
மொய் எழுதப் பணமில்லை என்று சொல்லக் கூச்சம்.
போன் அடித்தால் யார் என்று பார்ப்பதற்கு முன்
கை நடுங்குகிறது.
என் வீட்டுக்காரி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.
ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவள்.
சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கிறது.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.
ஒரு ராத்திரி,
நான் இல்லாமல் போய்விட்டால்
கடனும் போய்விடும் என்று ஒரு நினைப்பு வந்தது.
போகாது, தாயே.
ஆள் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.
கடன் அங்கேயேதான் இருந்தது,
தூக்குகிற தோள்தான் ஒன்று குறைந்துபோனது.
அந்த ராத்திரி அவளை எழுப்பிச் சொல்லிவிட்டேன்.
அவள் லைட்டைப் போட்டாள்,
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்,
விடிகிற வரை என் கையை விடவில்லை.
காலையில் தன் தம்பிக்குப் போன் போட்டாள்,
சாயங்காலமே மச்சான் வந்துவிட்டான்.
மனசு அப்படிப் போனால் 104-க்குக் கூப்பிட்டாலும்
பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள் மாமா,
எங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால்
அங்கேயாவது சொல்லுங்கள் என்றான்.
அவளை எழுப்ப என் கையை நீட்ட வைத்தவள் நீதான்
என்று நம்புகிறேன்.
இந்த டெல்டாவில் இன்றைக்கு எவன்
கூரையைப் பார்த்துக்கொண்டு முழித்துக் கிடக்கிறானோ
அவன் வீட்டிலும் ஒருத்தரை எழுப்பு, அம்மா.
அவன் வாயைத் திறக்க வை.
கேட்கிறவர்கள் திட்டாமல் கேட்கட்டும்.

நீ எங்களுக்குக் கஷ்டமே கொடுத்ததில்லை என்று
நான் பொய் சொல்ல மாட்டேன்.
2016-இல் வானமும் பொய்த்தது, ஆறும் பொய்த்தது.
வெடித்த வயலில், பாலே பிடிக்காத பயிரில்
மாட்டை அவிழ்த்து விட்டோம்.
2018 நவம்பரில் கஜா அடித்தது.
விடிந்து பார்த்தால்
கொல்லையில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை.
அப்பாவும் நானும் குழி வெட்டி வைத்த மரங்கள்.
இனி என்ன இருக்கிறது என்று அன்றைக்கும்தான் உட்கார்ந்தேன்.
அப்புறம் எழுந்து, அடிமரத்தை அறுத்துத் தள்ளி,
பக்கத்திலேயே கன்று வைத்தோம்.
இப்போது அதில் இளநீர் வெட்டுகிறோம்.
அன்றைக்கு எழுந்த கால்தான் இதுவும்.
அந்தத் தெம்பை மறுபடி கொடு.

மேட்டு வயல் மூன்று மாவில்
மழை வடிந்த ஈரத்தோடு உளுந்து தெளித்திருக்கிறோம்.
முளைத்துவிட்டது.
பனியிலேயே வளர்ந்துகொள்ளும் பயிர் அது,
உன்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்காது.
கடனை அடைக்கிற அளவுக்கு வராது, தெரியும்.
சில மாத வட்டிக்கு ஆகும்.
உரக்கடைக்காரர் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம்.
அந்த மூன்று மாவைப் பார்த்துக்கொள்.
மஞ்சள் நோய் வராமல்,
ஆடு மாடு இறங்காமல்,
இன்னொரு மழை வந்து அடிக்காமல் பார்த்துக்கொள்.

எனக்காக மட்டும் கேட்டால் நீ ஏற்றுக்கொள்ள மாட்டாய்.
நடவு நட்ட பெண்களை நினை.
அறுப்புக் கூலி வரும் என்று
அவர்களும் மகளிர் குழுவில் கடன் எடுத்திருக்கிறார்கள்.
என் வயல் படுத்தபோது அவர்கள் அடுப்பும் படுத்தது.
அவர்களுக்கு அடங்கல் இல்லை, சிட்டா இல்லை,
நிவாரணக் கணக்கில் பேர் இல்லை.
அவர்களை நீ உன் கணக்கில் எழுது.

குத்தகைக்குப் பயிர் வைத்தவனை நினை.
உழுதது ஒருத்தன், பட்டா இன்னொருத்தர் பேரில்.
பணம் வரும்போது
உழுதவன் வெளியே நிற்காமல் பார்.

கணக்கெடுக்க வருகிறவரை நினை.
அவர் வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகாமல்
சேற்றில் இறங்கட்டும்,
கதிரைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.
இன்ஷூரன்ஸ்காரர்கள் ஊருக்கு ஊர்
சராசரி போட்டுத்தான் கொடுப்பார்கள்.
அந்தச் சராசரியில் எங்கள் பள்ளக்காட்டு வயலும்
நியாயமாக விழட்டும்.

வட்டிக்குக் கொடுத்தவரையும் நினை.
கெட்டுப்போக வேண்டும் என்று சபிக்க மாட்டேன்,
அவசரத்துக்குக் கொடுத்தவர்.
வாசலில் வந்து நிற்கும்போது
தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசாமல்
உள்ளே வந்து உட்கார்ந்து பேசுகிற மனசைக் கொடு.
அவரிடம் இரண்டு மாதம் தவணை கேட்க
எனக்கு நா எழும்படி செய்.

மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள்.
படிப்பை நிறுத்திவிட்டு
திருப்பூருக்கு வேலைக்குப் போகட்டுமா அப்பா என்று கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
அந்த 'வேண்டாம்' நிலைக்கும்படி செய், அம்மா.
என் உடம்பில் தெம்பு இருக்கிறது.
கட்டட வேலைக்கு, மண் வேலைக்கு, நூறு நாள் வேலைக்கு,
எதற்குக் கூப்பிட்டாலும் போவேன்.
அவள் கையில் மட்டும்
நாற்றும் வேண்டாம், நூலும் வேண்டாம்,
அவள் ஆசைப்பட்ட ஊசியே இருக்கட்டும்.

மறுபடி ஜூன் வரும்.
மேட்டூரில் எத்தனை அடி இருக்கும் என்று
இப்போதே பேப்பரில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.
120 அடியும் நிரம்பட்டும்.
மேலே இருக்கிறவர்கள் வயலும் நனையட்டும்,
எங்கள் மடைக்கும் வந்து சேரட்டும்.
வடிகாலைத் தூர்வார ஊரில் பேசியிருக்கிறோம்,
அரசாங்கம் வந்து வெட்டினாலும் சரி,
வராவிட்டால் வீட்டுக்கு ஒரு ஆள் இறங்குவது என்று.
விதை நெல்லுக்கு மச்சான் பொறுப்பு எடுத்திருக்கிறான்.
அடுத்த சம்பா வீடு வந்தால்
முதல் மரக்கால் உனக்கு.
வராவிட்டாலும் உன்னிடம்தான் வருவேன்,
வேறு எங்கே போவேன்.

நாளைக்குக் காலையில் சங்கத்துக்குப் போகிறேன்.
பயிர் போனதற்கு வி.ஏ.ஓ. கொடுத்த சான்றைக் காட்டி
இந்தக் கடனை மத்தியகாலக் கடனாக மாற்றித் தரச் சொல்லி
எழுதிக் கொடுக்கப் போகிறேன்.
அங்கிருந்து வட்டிக்காரர் வீட்டுக்கு.
என் வீட்டுக்காரியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.
தலையைக் குனியாமல் பேச வேண்டும்,
கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும்,
முடியாது என்று சொன்னால்
மறுநாளும் போய்க் கேட்க வேண்டும்.
எங்கள் இரண்டு பேர் கூடவும் நீ வா, தாயே.
ஒன்பது மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம்.