ஊர்ப் பக்கத்துக் கண்ணாடி

(ஒரு நபர் நாடகம். திருச்செந்தூருக்குத் தெற்கே, ஒரு கடல்முனை. கலங்கரை விளக்கின் உச்சி அறை. நடுவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடிக் கூடு, அதைச் சுற்றித் திரை. தரையில் திறந்த தகரப் பெட்டி, பக்கத்தில் தூக்குச்சட்டி. 2021 ஜூலை 31, பொழுது சாயும் நேரம். காவலர், வயது 60. காற்று இரைகிறது.)

ஆடிக்காத்து. கச்சான் என்னமா அடிக்கு பாத்தேளா? இந்த மேடையே ஆடுத மாதிரி இருக்கும். ஆடாது. எனக்குக் கால் பழகிட்டு.

(திரையை மெல்ல விலக்குகிறார்.)

வர்றவன்லாம் கேப்பான், ராத்திரி எரியுத வெளக்குக்குப் பகல்ல எதுக்கு அண்ணாச்சி சேலை கட்டுதீகன்னு. கட்டலைன்னா சூரியன் இந்தக் கண்ணாடிக்குள்ள பூந்து, ஒரே புள்ளியில குவிஞ்சு, உள்ள இருக்குறதை எரிச்சுப்புடும். பூதக்கண்ணாடிய வச்சுச் சின்னப்புள்ளைங்க பேப்பரைக் கொளுத்தும்லா, அந்தக் கதைதான்.

இன்னைக்கு ராத்திரியோட நான் ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுதேன். பெட்டிய ஒதுங்க வச்சப்ப அடியில, பழைய காக்கிச் சட்டைக்குக் கீழ, இது கெடந்துது.

(ஒரு கவரை எடுக்கிறார்.)

என் கையெழுத்துதான். அட்ரஸ் சாத்தான்குளம் பக்கம், என் மாமனார் வீடு. ஸ்டாம்பு ஒட்டியிருக்கு, முத்திரை விழலை. மூடுத ஓரத்தை மட்டும் பூச்சி அரிச்சிருக்கு. 34 வருஷம் ஆச்சுல்லா.

எனக்குக் கல்யாணம் 87 வைகாசியில. ஆடி பொறந்ததும் அவளை அவ வீட்டுல வந்து கூட்டிட்டுப் போயிட்டாக. புதுப்பொண்ணு ஆடியில புருசன் வீட்டுல இருக்கப்படாதாம். அப்ப எழுதுனது. போஸ்ட் பண்ணலை. ஏன்னு சொல்லுதேன், மொதல்ல படிக்கேன்.

(கண்ணாடி மாட்டிக்கொண்டு, கவரைப் பிரிக்கிறார்.)

"3.8.1987. அன்புள்ள சண்முகக்கனிக்கு, நலம். நலமறிய ஆவல். மாமா, அத்தை நலமா? பசு கன்று போட்டதா?"

(பார்வையாளர்களைப் பார்த்து) சிரிக்காதீங்க. பொண்டாட்டிக்கு மொதக் கடுதாசி. மாமனார் பிரிச்சுட்டா? அதுக்குத்தான் வாசல்ல பசுவைக் கட்டி வச்சிருக்கேன்.

"இங்கு கச்சான் காற்று பலமாக வீசுகிறது. கடலுக்கு யாரும் போகவில்லை. கூட வேலை பார்ப்பவர் லீவில் போய்விட்டதால் பத்து நாட்களாக இரவு முழுவதும் நான் ஒருவனே. நேற்றும் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் மக்கர் செய்தது. அதைச் சரிசெய்யும்வரை லென்ஸைக் கையால் சுற்றினேன்.

"உனக்கு ஒன்று தெரியுமா? எல்லா விளக்கும் ஒரே மாதிரி மின்னாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நம் விளக்கு 10 வினாடிக்கு ஒருமுறை மின்னும். அதை எண்ணித்தான் கப்பல்காரன் எந்த ஊர் என்று கண்டுபிடிப்பான். மாலை ஆறரைக்கு ஏற்றிக் காலை ஆறுக்கு அணைத்தால் 4,140 முறை. நேற்று 4,140 முறையும் உன்னை நினைத்தேன்."

(அடுத்த வரியை மௌனமாகப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்.)

கீழேயே எழுதியிருக்கேன். "அது பொய். மூன்று மணிக்குமேல் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். ஆபீஸில் சொல்லிவிடாதே."

கவர்மென்டு உத்தியோகம் பாருங்க. காதல்லகூடக் கணக்கு நேரா இருக்கணும்.

"சண்முகக்கனி, நீ இங்கே இருந்த நாட்களில் நான் உன்னோடு சரியாகப் பேசவே இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. பேசத் தெரியவில்லை என்பதுதான் காரணம், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. நீ துணி காயப்போட்ட கொடியில் இப்போது என் சட்டை மட்டும் தொங்குகிறது. உன் கிளிப் ஒன்று கொடியிலேயே இருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை.

"இன்னொன்று. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. கடல் பக்கம்தான் நம் விளக்குக்கு வேலை. கரையில் இருப்பவர்கள் கண்ணில் அடிக்கக் கூடாது என்று ஊர்ப் பக்கத்துக் கண்ணாடிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உன் ஊரும் அந்தப் பக்கம்தான். எங்கோ போகிற கப்பலுக்கெல்லாம் தெரிகிற வெளிச்சம் உனக்கு மட்டும் தெரியாது. எனக்கு அது பொறுக்கவில்லை. நேற்று இரவு ஒரு ஆணியை எடுத்து அந்தக் கறுப்பில் கீழ் ஓரமாக ஒரு கீறல் போட்டேன். விரல் நீளம்தான். தவறுதான். அந்த இடுக்கு வழியாக உன் வீட்டு மாடிக்குத் தெரியுமா, தெரியாது. தெரிந்தால் 10 எண்ணு. மறுபடி வரும்."

(நீண்ட மௌனம். காற்று.)

அம்புட்டுதான். "இப்படிக்கு"ன்னு போட்டு என் பேரு. ஆபீஸ் கோந்தை எடுத்து ஒட்டுனேன். அழுத்தி ஒட்டுனேன், மாமனார் பயம். காலையில மொத பஸ்ஸுல குடுத்துவிடலாம்னு நிக்கேன். பஸ் வருது. அதுலருந்து எறங்குதா!

ஒத்தையில. இடுப்புல கருப்பட்டிக் கொட்டான். ஆடி முடிய இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. "என்ன?"ன்னேன். "தண்ணி புடிச்சு வைக்க ஆளு இருக்காதுல்லா?"ன்னா. அதுக்கு மேல அவ சொல்லலை, நான் கேக்கலை. அவ அம்மை மூணு மாசம் எங்கிட்டப் பேசலை, நான்தான் வரச் சொல்லிட்டேன்னு.

ஆளே வந்தப்புறம் கடுதாசி எதுக்கு? கையில குடுக்கவும் கூச்சம். பெட்டிக்கு அடியில போட்டேன். அப்புறம் புள்ளைக, டிரான்ஸ்பரு, திரும்ப இங்கனயே போஸ்டிங்கு. சுனாமி வந்த அன்னைக்கு இந்தப் படியிலதான் ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். அப்பவும் சொல்லலை. 2019-ல அவ போய்ச் சேர்ந்துட்டா.

(கடிதத்தை மடித்துக் கவருக்குள் வைக்கிறார். மூடப் போனவர் நிற்கிறார். கவரை வெளிச்சத்தில் பிடிக்கிறார்.)

இது கோந்து இல்லையே.

(நகத்தால் சுரண்டுகிறார். விரலில் எதையோ உருட்டிப் பார்க்கிறார்.)

சோத்துப் பருக்கை. காஞ்சு போன சோத்துப் பருக்கை. அதான் பூச்சி இந்த ஓரத்தை மட்டும் தின்னுருக்கு.

நான் சோத்தை வச்சு ஒட்டலை. கோந்து பாட்டிலு அந்தா, அந்த மேசையில இருந்துது. வீட்டுல கோந்து கெடையாது. எதை ஒட்டுனாலும் அவ...

(ஊர்ப் பக்கத்துக் கண்ணாடியை நோக்கித் திரும்புகிறார்.)

ஒரு தடவ பெயின்ட் அடிக்க ஆள் வந்துது. இவ அவனுக்கு டீ எடுத்துட்டு மேல ஏறி வந்தா. முட்டுவலிக்காரி, அம்புட்டுப் படியும் ஏறி. வந்தவ அவங்கிட்ட, "தம்பி, அந்தக் கீழ் ஓரத்தை மட்டும் விட்டுட்டு அடி"ன்னா. ஏம்ட்டின்னு கேட்டேன். "கெடக்கட்டும்"னா. நானும் விட்டுட்டேன். கெழவி எதையாவது சொல்லுவான்னு விட்டுட்டேன்.

(கீழிருந்து குரல்: "அண்ணாச்சி, மணி ஆறரை!")

ஏத்துதேன்லே!

(சுவிட்சைப் போடுகிறார். லென்ஸ் சுழலத் தொடங்குகிறது. கறுப்புக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கீற்று வெளிச்சம். மறைகிறது. அவர் தூக்குச்சட்டியைத் திறந்து நாலு பருக்கை எடுத்து, கவரின் ஓரத்தில் வைத்து நசுக்கி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி நிற்கிறார். உதடு அசைகிறது.)

ஏழு... எட்டு... ஒம்பது...

(கீற்று. இருள்.)