எம்.சி. ரோடு ஜவுளிக்கடை, முதல் மாடி: ஏசி காத்து டெஸ்டிங், பேலன்சிங் ரிப்போர்ட்

இடம்: பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோடு. முதல் மாடி பட்டு, சுடிதார் செக்ஷன்
வேலை பார்த்தது: 2025 ஜூலை 8, 9 ரெண்டு ராத்திரி, கடை சாத்தின பிறகு 10.30ல இருந்து காலைல 5 வரைக்கும்
யாருக்கு: கடை முதலாளிக்கும் ஏசி காண்ட்ராக்டருக்கும், ஆளுக்கு ஒரு காப்பி

சார், கம்ப்ளைன்ட் என்னன்னு உங்களுக்கே தெரியும். பில் கவுன்டர்ல உக்காந்திருக்கிற பொண்ணு துப்பட்டாவை காதோட சுத்திக்கிட்டு உக்காந்திருக்கு, பின்னாடி பட்டு செக்ஷன்ல சேலை விரிச்சு காட்டுற அக்கா வேர்த்து வழியுது, "அண்ணா இங்க காத்தே வர்ல"ன்னு நாங்க மீட்டரை எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. மெஷின் பத்தல, இன்னொரு அஞ்சு டன் போடணும்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. எங்க ரீடிங் படி அது தேவையில்ல. மெஷின் தள்ளுறது கொஞ்சம் கம்மி, தள்ளுறதுலயும் ஒரு பங்கு வழியிலயே ஒழுகிப் போகுது, மிச்சம் வர்றதை முன்னாடி இருக்கிற ரெண்டு டிஃப்யூசரே, அதாவது சீலிங்ல காத்து வர்ற வாயே, வாங்கிக்குது. இந்த மூணும்தான் பிரச்சனை.

டிசைன்ல என்ன இருக்கு

காத்தை குளிர வெச்சு டக்ட்ல தள்ளுற ஏஹெச்யூ ஒன்னு, மொத்த சப்ளை 6000 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு 6000 கன அடி காத்து, அதுல வெளிக்காத்து 600, ரிட்டர்ன் 5400. பெல்ட் டிரைவ் பிளோயர், டிசைன் வேகம் 920 ஆர்பிஎம், 5 ஹெச்பி மோட்டார், பிளேட்ல 7.5 ஆம்ப்ஸ். சீலிங்ல 12 டிஃப்யூசர், முதல் எட்டு 550, கடைசி நாலு 400.

டாலரன்ஸ் காண்ட்ராக்ட் ஷீட்ல இருக்கிறதுதான்: ஒவ்வொரு டிஃப்யூசரும் டிசைன்ல பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள, ரிட்டர்ன், வெளிக்காத்து, எக்ஸாஸ்ட்டும் அதே. மொத்த சப்ளைக்கு மட்டும் மைனஸ் 5 வரைக்கும்தான், மேல 10 போகலாம்.

எப்படி அளந்தோம்

டிஃப்யூசருக்கு கேப்சர் ஹூட், டக்ட்டுக்கு பிடாட் டியூபும் டிஜிட்டல் மானோமீட்டரும், வேகத்துக்கு டேக்கோமீட்டர், கரண்ட்டுக்கு கிளாம்ப் மீட்டர். எல்லாமே ஒரு வருஷத்துக்குள்ள கேலிபரேட் பண்ணது.

மெயின் டக்ட் 32க்கு 18 இன்ச், அதாவது சரியா 4 சதுர அடி. அடிப்பக்கத்துல 6 ஓட்டை போட்டு ஒவ்வொன்னுலயும் 5 ஆழத்துல, மொத்தம் 30 ரீடிங் எடுத்தோம். வேகக் கணக்கு இது:

```
V = 4005 × √VP
```

VP-ங்கிறது காத்தோட வேகத்தால வர்ற பிரஷர், வாட்டர் கேஜ் இன்ச்ல, V வேகம், நிமிஷத்துக்கு அடியில. 30 VP-யையும் கூட்டி சராசரி எடுத்து அப்புறம் ரூட் போட்டா காத்து ஜாஸ்தி இருக்கிற மாதிரி காட்டும், அதனால ஒவ்வொன்னையும் தனியா வேகமா மாத்தின பிறகுதான் சராசரி. போன வருஷம் உங்களுக்கு குடுத்த ரிப்போர்ட்ல ஒரே ஒரு இடத்துல, டக்ட்டோட நடுவுல மட்டும் அளந்து 6000 வருதுன்னு எழுதியிருக்கு. நடுவுல எப்பவுமே வேகம் ஜாஸ்தியாதான் இருக்கும், அந்த நம்பரை விட்டுடுங்க.

முதல் ராத்திரி, எதையும் தொடாம எடுத்த ரீடிங்

டக்ட்ல சராசரி வேகம் 1297.5, நாலால பெருக்கினா 5190 சிஎஃப்எம், டிசைன்ல 86.5 சதவீதம். ஆனா 12 டிஃப்யூசரையும் ஹூட் வெச்சு அளந்து கூட்டினா 4680தான் வருது. நடுவுல 510 சிஎஃப்எம் காணோம். ஹூட்ல தப்பு இருக்கும்னு மறுபடியும் அளந்தோம், அதே கதைதான். பிளோயர் 815 ஆர்பிஎம், கரண்ட் 4.6 ஆம்ப்ஸ், ஸ்டாட்டிக் பிரஷர் வாட்டர் கேஜ்ல 46 மிமீ, அதுல ஃபில்டர் மட்டுமே 18 மிமீ தின்னுது. ரூம் டெம்பரேச்சர் பில் கவுன்டர்ல 21.5 டிகிரி, பட்டு செக்ஷன் மூலைல 28.5.

| டிஃப்யூசர் | டிசைன் | முதல்ல | சதவீதம் | கடைசில | சதவீதம் |
|---|---|---|---|---|---|
| டி-1 | 550 | 710 | 129 | 562 | 102 |
| டி-2 | 550 | 650 | 118 | 556 | 101 |
| டி-3 | 550 | 560 | 102 | 549 | 100 |
| டி-4 | 550 | 480 | 87 | 545 | 99 |
| டி-5 | 550 | 410 | 75 | 540 | 98 |
| டி-6 | 550 | 370 | 67 | 538 | 98 |
| டி-7 | 550 | 330 | 60 | 531 | 97 |
| டி-8 | 550 | 120 | 22 | 524 | 95 |
| டி-9 | 400 | 360 | 90 | 408 | 102 |
| டி-10 | 400 | 310 | 78 | 398 | 100 |
| டி-11 | 400 | 220 | 55 | 389 | 97 |
| டி-12 | 400 | 160 | 40 | 370 | 93 |
| மொத்தம் | 6000 | 4680 | 78 | 5910 | 99 |

முதல் ராத்திரி டாலரன்ஸ்ல பாஸ் ஆனது டி-3யும் டி-9உம் மட்டும்தான், அதுல டி-9 சரியா கோட்டு மேல நிக்குது.

என்னென்ன சரி பண்ணோம்

ஃபில்டர். கழட்டினா ஜவுளிக்கடைக்கே உரிய பஞ்சு, நூல் தூசி, போர்வை மாதிரி ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்துச்சு. தண்ணி அடிச்சு கழுவி காயவெச்சு மாட்டினதும் 18 மிமீ 7க்கு இறங்குச்சு, டக்ட்ல 5340 ஆச்சு. மத்த இடம் மாதிரி மூணு மாசத்துக்கு ஒருக்கா உங்களுக்கு பத்தாது சார், மாசம் ஒரு தடவை, ஆடித் தள்ளுபடி, தீபாவளி நேரத்துல பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கழுவணும்.

பெல்ட், புல்லி. மோட்டார் 1440 ஆர்பிஎம், மோட்டார் புல்லி 6 இன்ச், பிளோயர் புல்லி 10 இன்ச், கணக்குப்படி 864 வரணும், வந்தது 815. அதாவது பெல்ட் கிட்டத்தட்ட 6 சதவீதம் வழுக்குது, தொட்டுப் பார்த்தா உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு தேஞ்சிருக்கு. ரெண்டு பெல்ட்டையும் சேர்த்தே ஜோடியா மாத்தினோம், ஒன்னு மட்டும் மாத்தினா புதுசு மேலயே மொத்த லோடும் ஏறும். டைட் பண்ணாலும் 6 இன்ச் புல்லில 920 எட்டாது, அதனால மோட்டார் புல்லியை 6.5 ஆக்கினோம், இப்ப 918 ஓடுது.

புல்லி மாத்துறதுக்கு முன்னாடி கரண்ட் கணக்கு போட்டுதான் மாத்தினோம், ஏன்னா வேகம் 13 சதவீதம் ஏத்தினா காத்து 13 சதவீதம்தான் ஏறும் ஆனா பவர் மூணு மடக்கு கணக்குல ஏறும், 1.13ஐ மூணு தடவை பெருக்கினா 1.44. ஃபில்டர் கழுவின பிறகு 4.7 ஆம்ப்ஸ் இருந்துச்சு, அதை 1.44 ஆல பெருக்கினா 6.8, பிளேட் 7.5க்குள்ள வருது, தைரியமா போட்டோம். ஓட்டிப் பார்த்தா 6.4. இதுக்கு மேல யாராவது "இன்னும் கொஞ்சம் பெரிய புல்லி போடலாம்"னு வந்தா விடாதீங்க, மோட்டார் சுட்டுடும்.

காணாம போன 510. பிளோயர் வாய்ல இருக்கிற கேன்வாஸ் ஒரு பக்கம் கிழிஞ்சிருந்துச்சு, அதை மாத்தினோம். ஆனா பெரிய ஒழுகல் அது இல்ல. ஃபால்ஸ் சீலிங் உள்ள ஏறி டக்ட் ஓரமா ஊதுபத்தி கொளுத்தி காட்டிக்கிட்டே போனோம், டி-5க்கு கிளை பிரியிற கழுத்துகிட்ட வந்ததும் புகை படக்குனு பக்கவாட்டுல அடிச்சுது. கழுத்தை வெச்சு ரெண்டு ஸ்க்ரூ போட்டதோட சரி, சீலன்ட்டே இல்ல, உள்ள கை போற அளவுக்கு இடைவெளி. அவ்வளவு நாளா சீலிங்குக்கு மேல இருக்கிற கம்பிக்கும் ஒட்டடைக்கும் ஏசி போட்டிருக்கோம். சீலன்ட் அடிச்சு அலுமினியம் டேப் சுத்தி, இதே மாதிரி இருந்த இன்னும் மூணு கழுத்தையும் அடைச்சோம். இப்ப டக்ட்ல 6060, டிஃப்யூசர்ல 5910, வித்தியாசம் 150, அதாவது 2.5 சதவீதம்.

டி-8. ஏசி போட்ட பிறகு வந்த எலக்ட்ரீஷியன் கேபிள் ட்ரேயை ஃப்ளெக்சிபிள் டக்ட் மேலயே உக்கார வெச்சிருக்காங்க, சப்பாத்தி மாதிரி நசுங்கிக் கிடந்துச்சு. ட்ரேயை நாலு இன்ச் தூக்கிக் கட்டி புது ஃப்ளெக்சிபிள் போட்டோம். டி-12ல 6 அடி தேவைப்படுற இடத்துல 14 அடி விட்டு மலைப்பாம்பு மாதிரி சுருட்டி வெச்சிருந்தாங்க, வெட்டி நேராக்கினோம்.

ரிட்டர்ன், வெளிக்காத்து. ரிட்டர்ன் கிரில் முன்னாடி சேலை அட்டைப்பெட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்துச்சு. நகர்த்தின பிறகு 5320, டிசைன்ல 98.5 சதவீதம். அங்க தரையில மஞ்சள் கோடு போட்டிருக்கோம், கோட்டைத் தாண்டி பெட்டி வைக்க வேணாம்னு பசங்ககிட்ட சொல்லிடுங்க. வெளிக்காத்து லூவர் வலைல அழுக்கும் புறா இறகும் அடைச்சு 380 தான் வந்துச்சு, சுத்தம் பண்ணி 575, அதாவது 96 சதவீதம்.

பேலன்சிங்

ரிப்பேர் எல்லாம் முடிச்ச பிறகுதான் காத்தை கூட்டிக் குறைக்கிற டேம்பர் பக்கமே போனோம், நசுங்கின டக்ட்டை வெச்சுக்கிட்டு டேம்பரை திருகுறது வீண் வேலை. அந்த நிலைமைல கம்மியா இருந்தது டி-12, 245 சிஎஃப்எம், 61 சதவீதம். அதோட டேம்பரை முழுசா திறந்து வெச்சுட்டு, டி-11ஐ டி-12ஓட அதே சதவீதத்துக்கு வர்ற வரைக்கும் மூடினோம், அப்புறம் டி-10, அப்படியே முன்னாடி வந்தோம். முன்னாடி ஒன்னை மூட மூட பின்னாடி இருக்கிறதுக்கு தானா காத்து ஏறும், அதனால நம்பரைத் துரத்தாம சதவீதத்தைத்தான் பிடிக்கணும். மொத்தம் மூணு ரவுண்டு ஆச்சு.

டி-1, டி-2 டேம்பர் கம்பி துருப்பிடிச்சு இறுகிப் போயிருந்துச்சு, கடல் காத்து இந்தப் பக்கம் எதையும் சும்மா விடாது. டி-1ல கம்பி ஒடிஞ்சே போச்சு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல புதுசு போட்டோம். எல்லா டேம்பர் கைப்பிடியிலயும் இப்ப நிக்கிற இடத்துல சிவப்பு பெயின்ட் கோடு இருக்கு, யாராவது ஆட்டினா அதை வெச்சு பழைய இடத்துக்கே கொண்டு வரலாம்.

முடிவு ரீடிங்

சப்ளை 6060, 101 சதவீதம், பாஸ். 12 டிஃப்யூசரும் பாஸ். டி-12 மட்டும் 93ல நிக்குது, டேம்பர் முழுசா திறந்துதான் இருக்கு, அதுக்கு மேல வராது. ஸ்டாட்டிக் பிரஷர் 51 மிமீ. 10ஆம் தேதி சாயங்காலம் 7 மணிக்கு கூட்டம் இருக்கும்போதே வந்து பார்த்தோம், பில் கவுன்டர் 23.6, பட்டு செக்ஷன் மூலை 24.2.

இன்னும் பாக்கி

டிரையல் ரூம் எக்ஸாஸ்ட் ஃபெயில். டிசைன் 300, வர்றது 210, 70 சதவீதம்தான். ஃபேன் நல்லாதான் இருக்கு, வெளியில காத்து போற லூவரை உங்க கடை விளம்பர போர்டு கையளவு இடைவெளில மறைச்சுக்கிட்டு நிக்குது. போர்டை ஒரு அடி முன்னாடி தள்ளுங்க, இல்ல அந்த இடத்துல வெட்டி விடுங்க. அது எங்க வேலை இல்ல, போர்டு மாட்டினவங்களைத்தான் கூப்பிடணும். முடிஞ்சதும் ஒரு போன் பண்ணா வந்து அந்த ஒரு ரீடிங் மட்டும் எடுத்து இதோட சேர்த்துக் குடுத்துடுறோம், அதுக்கு தனியா சார்ஜ் இல்ல.